அட்டவணை சரி, மோட்டர் எரிந்தது: மின்குமிழில் தொடங்கும் ஒரு தர்க்கப் பாடம்

வகுப்பறையின் நீள மேசைகளில் இரண்டிரண்டு பேராக மாணவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு சோடிக்கும் முன்னால் ரோச் லைற் பற்றரி நான்கு, சைக்கிள் டைனமோ லைற்றுக்குப் போடும் 6 வோல்ற் மின்குமிழ் ஒன்று, சாதாரண சுவிச் இரண்டு, முதலைக் கிளிப் பூட்டிய வயர்த் துண்டுகள் சில. கரும்பலகையில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இது வன்னியில் உள்ள ஒரு தொழில்நுட்பக் கல்வி நிலையம். தேசிய தொழில் தகைமையில் ஐந்தாம், ஆறாம் மட்டங்கள்தான் டிப்ளோமா. அந்த ஐந்தாம் மட்டத்தில் படிக்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அன்று தர்க்கப் படலைகள் பாடம். நான் பின் வாங்கில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தேன்.

நானும் பாடசாலையில் இந்தப் பாடத்தைப் படித்தவள்தான். "அன்ட்" என்றால் கடைசி வரி மட்டும் ஒன்று, "ஓர்" என்றால் முதல் வரி மட்டும் பூச்சியம் என்று உண்மை அட்டவணையைப் பாடமாக்கிச் சோதனையில் எழுதிப் புள்ளியும் எடுத்தேன். அந்த ஒன்றும் பூச்சியமும் எதைக் குறிக்கின்றன என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே படிப்பிக்கும் ஆசிரியையும் பல வருடங்கள் அப்படித்தான் படிப்பித்தார். முதலில் படலையின் குறியீடு, பிறகு அட்டவணை, நேரம் மிஞ்சினால் செய்முறை. அந்த ஒழுங்கை அவர் தலைகீழாக மாற்றியதற்குக் காரணம் ஒரு மாணவனின் வீட்டில் எரிந்துபோன ஒரு தண்ணீர் மோட்டர்.

ஒரு கிணறும் ஒரு தாங்கியும்

அந்த மாணவனின் வீட்டுக்கு நான் பிறகு போனேன். தகப்பனுக்கு இறுதி யுத்தத்தில் ஒரு கால் போய்விட்டது. கிணறு வீட்டிலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளித் தோட்டக் கரையில் இருக்கிறது. தாங்கி நிறைந்ததும் மோட்டரை நிப்பாட்டவும், கிணறு வற்றினால் ஓடிப்போய் நிப்பாட்டவும் அவரால் முடியாது. தாய் கூலி வேலைக்குப் போய்விடுவார். எனவே மகன் டிப்ளோமாவுக்கான செயற்றிட்டமாகத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைச் செய்தான்.

தாங்கியில் ஒரு மிதவை சுவிச். தாங்கி நிறைந்தால் அது மின்சுற்றை மூடும். கிணற்றுக்குள் இன்னொரு மிதவை சுவிச். தண்ணீர் கீழே இறங்கினால் அதுவும் சுற்றை மூடும். முதலாவதற்கு T என்றும் இரண்டாவதற்கு D என்றும் பெயர் வைத்தான். தாங்கி நிறையவில்லை, கிணறும் வற்றவில்லை என்றால் மட்டும் மோட்டர் ஓட வேண்டும். அவன் எழுதிய அட்டவணை இதுதான்.

| தாங்கி நிறைந்தது (T) | கிணறு வற்றியது (D) | மோட்டர் (M) |
|---|---|---|
| 0 | 0 | 1 |
| 0 | 1 | 0 |
| 1 | 0 | 0 |
| 1 | 1 | 0 |

சமன்பாடு: M = T' · D'. இரண்டு "நொட்" படலை, ஒரு "அன்ட்" படலை. சின்னச் சின்ன சிப்புகளை வாங்கிப் பலகையில் ஒட்டி, ஒரு ரிலே மூலம் மோட்டரின் தொடக்கியோடு இணைத்தான். வகுப்பில் காட்டியபோது நான்கு வரியும் சரியாக வேலை செய்தன. நல்ல புள்ளியும் கிடைத்தது.

நாலு மாதம் வீட்டிலும் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் விடிய எழும்பிப் பார்க்க, மோட்டர் தொட முடியாத சூட்டில் நின்றிருந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் இரவு முழுக்க ஓடியதில் பம்பின் சீல் உருகி, தண்டு இறுகி, கொயில் கருகிவிட்டது. மோட்டர் வாங்கிய கடன் அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. வாராவாரம் கடன் காசுக்கு ஆள் வரும் வீடுகளில் அது என்ன என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

காரணத்தைத் தேடியபோது மிளகாய்ப் பாத்திக்கு மண் கொத்திய இடத்தில் வயர் அறுந்து கிடந்தது. கிணற்று மிதவையிலிருந்து வரும் வயர். மண்வெட்டி பட்டு அறுந்திருக்கிறது. எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியாது.

வயர் அறுந்தால் சுற்று மூடாது. சுற்று மூடாவிட்டால் D பூச்சியம். D பூச்சியம் என்றால், அட்டவணையின்படி, கிணறு வற்றவில்லை. கருவி தனக்குச் சொல்லப்பட்டபடியே நடந்தது. கிணறு வற்றிய பிறகும் "வற்றவில்லை" என்ற செய்திதான் அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

"அட்டவணையில பிழை இல்லை தங்கச்சி. நான்தான் திருத்திச் சரி போட்டனான்," என்றார் ஆசிரியை. "பிள்ளைக்கு அட்டவணை தெரியும். அதில இருக்கிற பூச்சியம் ஒரு வயருக்குள்ள என்னவா இருக்கும் எண்டு நான் காட்டிக் குடுக்கேல்லை."

முதல் நாள்: எரியுதா, எரியேல்லையா

அதற்குப் பிறகு அவர் தொடங்கியதுதான் நான் பார்த்த வகுப்பு. முதல் இரண்டு மணித்தியாலமும் ஒன்று, பூச்சியம், படலை, அட்டவணை என்ற சொற்கள் எதையும் அவர் பாவிப்பதில்லை. ஒரு வேலையை மட்டும் சொல்கிறார். "ரெண்டு சுவிச்சையும் போட்டால்தான் பல்ப் எரிய வேணும். ஒண்டைப் போட்டால் எரியக் கூடாது. கட்டுங்கோ."

பெரும்பாலான சோடிகள் ஐந்து நிமிடத்தில் கட்டிவிட்டன. பற்றரியிலிருந்து வரும் வயர் முதல் சுவிச்சுக்குள் போய், அதிலிருந்து இரண்டாவது சுவிச்சுக்குள் போய், பிறகு மின்குமிழுக்குப் போகிறது. தொடர் இணைப்பு. மின்னோட்டத்துக்கு ஒரே பாதைதான் இருப்பதால் எந்த இடத்தில் திறந்தாலும் அது நின்றுவிடும்.

அடுத்த வேலை, எந்த ஒரு சுவிச்சைப் போட்டாலும் எரிய வேண்டும். இதற்கு இரண்டு சுவிச்சையும் பக்கம் பக்கமாக, சமாந்தரமாகக் கட்ட வேண்டும். ஒரு பாதை திறந்திருந்தாலும் மற்றப் பாதையால் மின்னோட்டம் போகும்.

இங்கே ஒரு விதி உண்டு. சுவிச்சை அமர்த்துவதற்கு முன்னர், என்ன நடக்கும் என்று கொப்பியில் எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் அமர்த்தலாம். பிழையாக எழுதியதை அழிக்கக் கூடாது, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அமர்த்திப் பார்த்துவிட்டு எழுதினால் "இதுதான் நானும் நினைச்சனான்" என்று மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் என்பது அவருடைய அனுபவம்.

ஒரு சோடியின் கொப்பியில் மூன்று வசனங்கள் மட்டும் இருந்தன. இரண்டையும் போட்டால் எரியும். ஒன்றைப் போட்டால் எரியாது. ஒன்றையும் போடாவிட்டால் எரியாது.

"ஒண்டு எண்டால் எது?" என்று கேட்டார் ஆசிரியை.

"எதைப் போட்டாலும் ஒண்டுதானே ரீச்சர்."

"இடது பக்கம் இருக்கிறது உங்கட வீட்டுத் தாங்கி, வலது பக்கம் இருக்கிறது கிணறு. இப்பவும் ரெண்டும் ஒண்டுதானோ?"

இரண்டு பெண்பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூன்று வசனம் நான்கானது. அட்டவணையில் ஏன் நான்கு வரி இருக்கிறது என்பதற்கு நான் கேட்ட மிக நல்ல விளக்கம் இதுதான். ஒவ்வொரு சுவிச்சுக்கும் இரண்டு நிலை. முதலாவதின் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டாவதுக்கு இரண்டு நிலை. மூன்றாவது சுவிச் ஒன்று வந்தால் எட்டு. பிள்ளைகள் பிறகு மூன்று சுவிச்சோடு விளையாடியபோது எட்டையும் தவறவிடாமல் எழுத ஓர் ஒழுங்கு தேவை என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

"நொட்" எப்போதும் மல்லுக்கட்டும்

மூன்றாவது வேலையில் வகுப்பு தடுமாறியது. ஒரே ஒரு சுவிச். அமர்த்தாதபோது மின்குமிழ் எரிய வேண்டும், அமர்த்தினால் அணைய வேண்டும்.

ஒரு சோடி கெட்டித்தனமாக ஒன்றைச் செய்தது. மின்குமிழை நேரே பற்றரியில் பூட்டிவிட்டு, சுவிச்சை மின்குமிழின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே கட்டினார்கள். சுவிச் திறந்திருக்கும்போது குமிழ் எரிந்தது. அமர்த்த அணைந்தது. "வந்திட்டுது ரீச்சர்!" என்று கத்தினார்கள்.

ஆசிரியை விரைந்து போய்ச் சுவிச்சைத் திறந்துவிட்டார். "இப்ப பற்றரியைத் தொட்டுப் பாருங்கோ."

சூடாக இருந்தது. குமிழ் அணைந்ததற்குக் காரணம் மின்னோட்டம் நின்றது அல்ல. தடையே இல்லாத இலகுவான பாதை ஒன்று கிடைத்ததும் மின்னோட்டம் முழுவதும் சுவிச்சுக்குள்ளால் பாய்ந்துவிட்டது. பற்றரி குறுஞ்சுற்றாகிவிட்டது. குமிழைப் பார்த்தால் விடை சரி, பற்றரியைத் தொட்டால் பிழை. இந்த வேறுபாட்டை எந்த அட்டவணையும் காட்டாது. பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு தடையியைத் தொடராகப் போட்டால் இந்தச் சுற்று பாதுகாப்பாக வேலை செய்யும், ஆனால் குமிழ் மங்கும், தடையி சுடும்.

பிறகு ஆசிரியை பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிய சின்னச் சுவிச்சை எடுத்துக் கொடுத்தார். பெட்டியின் கதவு மூடும்போது அந்தச் சுவிச் அமரும், உள்ளே இருக்கும் லைற் அணையும். கதவைத் திறந்தால் சுவிச் வெளியே வரும், லைற் எரியும். சாதாரண சுவிச் அமர்த்தினால் பொருத்தும். இது அமர்த்தினால் துண்டிக்கும். சுவிச்சே "நொட்" ஆக இருக்கிறது, வேறு எதுவும் தேவையில்லை.

இந்தச் சின்னச் சுவிச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டர்க் கதைக்கு இதுதான் தேவைப்படப் போகிறது.

இரண்டாம் நாள்: அட்டவணை பிறக்கிறது

அடுத்த நாள் கொப்பிகளைத் திறந்து நேற்று எழுதிய வசனங்களை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு சோடியும் வெவ்வேறு சொற்களில் எழுதியிருந்தது. போட்டால், அமத்தினால், ஓன் பண்ணினால், எரியும், பத்தும், வெளிச்சம் வரும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "கை நோகுது, சுருக்கி எழுதுவம்," என்றார்.

போட்ட சுவிச்சுக்கு 1. போடாததற்கு 0. எரிந்தால் 1. எரியாவிட்டால் 0. நான்கு வசனம் நான்கு வரியானது. மேலே கோடு போட்டார்கள். அது உண்மை அட்டவணை. ஆசிரியை அதன் பெயரைச் சொன்னது அப்போதுதான். அதுவரை பிள்ளைகளிடம் இருந்தது தங்கள் கையால் செய்து பார்த்த பதிவுதான்.

ஒரு மாணவன் கேட்டான், "போட்டால் ஏன் ஒண்டு? பூச்சியம் எண்டு வைச்சால் என்ன?"

நான் இதை அசட்டுக் கேள்வி என்று நினைத்தேன். அது அப்படியல்ல. 1937 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் குளோட் ஷனன் என்ற இளைஞர் தன் முதுமாணிப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வில்தான், சுவிச்சுகளையும் ரிலேக்களையும் ஒன்று, பூச்சியம் கொண்ட கணிதத்தால் விளக்கலாம் என்று முறையாகக் காட்டினார். அந்த ஆய்வில் மூடிய சுற்றுக்கு 0, திறந்த சுற்றுக்கு 1. நாம் இன்று படிப்பதற்கு நேர்மாறு. அவர் சுற்றில் உள்ள தடங்கலை எண்ணினார். தடங்கல் இல்லை என்றால் பூச்சியம். கணிதம் இரண்டு விதத்திலும் பொருந்தும்.

ஒன்று எது, பூச்சியம் எது என்பதை அட்டவணை தீர்மானிப்பதில்லை, அட்டவணையை எழுதுபவர் தீர்மானிக்கிறார். எரிந்த மோட்டரின் பிழை இருந்தது அந்த இடத்தில்தான். "கிணறு வற்றியது" என்பதற்கு 1 என்று வைத்ததால், வயரில் எதுவுமே வராத நிலை "வற்றவில்லை" என்ற நல்ல செய்தியாகிவிட்டது.

மோட்டரைத் திரும்பக் கட்டுதல்

இரண்டாம் நாளின் பிற்பாதியில் இதைத்தான் அவர்கள் கட்டினார்கள். மின்குமிழ்தான் மோட்டர். ஒரு சுவிச் தாங்கி, மற்றது கிணறு. ஆனால் இம்முறை ஆசிரியை அட்டவணைக்கு முன்னர் ஒரு கேள்வியை வைத்தார். "வயர் அறுந்தால் மோட்டர் ஓட வேணுமோ, நிக்க வேணுமோ?"

நிற்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். தண்ணீர் வராவிட்டால் ஒரு நாள் கஷ்டம். மோட்டர் எரிந்தால் மாதக்கணக்கில் கடன்.

அறுந்த வயர் எப்போதும் திறந்த சுவிச் போலத்தான் இருக்கும். எனவே திறந்த நிலை என்பது "ஓடாதே" என்று பொருள்பட வேண்டும். மூடிய நிலைதான் "ஓடலாம்" என்று அனுமதி கொடுக்க வேண்டும். இதிலிருந்து மற்றதெல்லாம் தானாக வருகிறது.

கிணற்று மிதவை தண்ணீர் இருக்கும்போது மூட வேண்டும், வற்றும்போது திறக்க வேண்டும். இதற்கு K என்று பெயர். தாங்கி மிதவை நிறையாதபோது மூடியிருக்க வேண்டும், நிறைந்து மிதவை எழும்பும்போது திறக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிச் சுவிச் போல. இதற்கு N. இப்போது அட்டவணை இப்படி மாறும்.

| தாங்கியில் இடம் உண்டு (N) | கிணற்றில் தண்ணீர் உண்டு (K) | மோட்டர் (M) |
|---|---|---|
| 0 | 0 | 0 |
| 0 | 1 | 0 |
| 1 | 0 | 0 |
| 1 | 1 | 1 |

M = N · K. இது முதல் நாள் முதல் வேலை. இரண்டு சுவிச் தொடராக, ஒரு குமிழ். பழைய கருவியில் இருந்த இரண்டு "நொட்" படலையும் காணாமல் போய்விட்டன. அவை செய்த வேலையை மிதவைகள் எடுத்துக்கொண்டன. கடைகளில் கிடைக்கும் மிதவை சுவிச்சுகள் பலவற்றில் மூன்று வயர்கள் வெளியே வரும். ஒரு சோடி வயரை எடுத்தால் மிதவை எழும்பும்போது மூடும், மற்றச் சோடியை எடுத்தால் திறக்கும். எந்தச் சோடியை எடுப்பது என்பதுதான் இங்கே தர்க்கம்.

ஆரோக்கியமான வயர் இருக்கும்வரை இரண்டு கருவிகளும் ஒரே மாதிரித்தான் நடக்கும். தாங்கிக்கும் கிணற்றுக்கும் உள்ள நான்கு நிலைகளிலும் மோட்டர் ஒரே விதமாக ஓடும், ஒரே விதமாக நிற்கும். வேறுபாடு அட்டவணையில் இல்லாத ஐந்தாவது நிலையில் வருகிறது. அதைத்தான் ஆசிரியை கடைசியில் செய்து காட்டினார். குமிழ் எரிந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு மேசையாகப் போய், முன்னறிவித்தல் இல்லாமல், ஏதாவது ஒரு கிளிப்பைக் கழற்றினார். எல்லா மேசையிலும் குமிழ் அணைந்தது. பிறகு பழைய முறைக் கருவியைத் தன் மேசையில் வைத்துக் கிணற்று வயரைக் கழற்றினார். அது எரிந்துகொண்டே இருந்தது.

வகுப்பில் சத்தமே இல்லை.

ஒரு பிள்ளை மட்டும் கையை உயர்த்தினாள். "ரீச்சர், வயர் அறாமல் நசுங்கி ரெண்டு கம்பியும் முட்டினால்?"

நல்ல கேள்வி. அப்போது சுற்று மூடிவிடும், "தண்ணீர் உண்டு" என்ற பொய்ச் செய்தி வரும், மோட்டர் ஓடும். இந்த முறை அறுந்த வயரிலிருந்து காக்கும், முட்டிய வயரிலிருந்து காக்காது. ஆகவே வயரைக் குழாய்க்குள்ளால் ஆழமாகப் புதைக்க வேண்டும். மோட்டரின் தொடக்கியிலும் தனியான பாதுகாப்பு இருக்க வேண்டும். இன்னொன்றையும் ஆசிரியை அழுத்திச் சொன்னார். மேசையில் நாம் விளையாடுவது 6 வோல்ற். மோட்டருக்குப் போவது 230 வோல்ற். சின்னச் சுற்று ஒரு ரிலேயை மட்டும்தான் இயக்க வேண்டும். ரிலேக்கு அப்பால் உள்ளதை அனுமதி பெற்ற மின்னிணைப்பாளர்தான் செய்ய வேண்டும்.

மின்குமிழ் பொய் சொல்லும் இடம்

இந்த முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது. சுவிச்சிலிருந்து சிப்புக்குப் போகும் மூன்றாம் நாளில் அது தெரியவரும். அதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் புதிதாக ஒரு பிழையைக் கற்றுக்கொண்டு போவார்கள்.

அன்று பிள்ளைகளின் கையில் கிடைப்பது 74HC08 என்ற சிப். கரப்பான் பூச்சி அளவுதான். பதினாலு கால். உள்ளே நான்கு "அன்ட்" படலைகள். பதினாலாம் காலுக்கு 5 வோல்ற், ஏழாம் காலுக்குப் பூச்சியம் கொடுக்க வேண்டும். சுவிச்சின் ஒரு பக்கத்தை 5 வோல்ற்றிலும் மற்றப் பக்கத்தைப் படலையின் உள்ளீட்டிலும் பூட்டினார்கள். இரண்டு சுவிச்சையும் போட வெளியீட்டு லைற் எரிந்தது. சுவிச்சைத் திறந்தார்கள். சில மேசைகளில் அணைந்தது. சில மேசைகளில் அணையவில்லை. ஒரு மேசையில் வயருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகப் போக லைற் மின்னியது.

மின்குமிழ்ச் சுற்றில் திறந்த சுவிச் என்றால் மின்னோட்டம் இல்லை, ஆகவே இருட்டு. அங்கே "எதுவும் இல்லை" என்பதும் "பூச்சியம்" என்பதும் ஒன்று. சிப்புக்கு அப்படியல்ல. அது தன் காலில் உள்ள மின்னழுத்தத்தை வாசிக்கிறது. எதிலும் பூட்டாத கால் அந்தரத்தில் தொங்கும் கால். சுற்றுப்புறத்தில் உள்ள மின்புலத்துக்கு ஏற்ப அது எதையும் வாசிக்கலாம். அதற்குப் பூச்சியம் வேண்டுமென்றால் பூச்சியத்தை நாமே கொடுக்க வேண்டும். உள்ளீட்டுக் காலிலிருந்து பூச்சிய வயருக்கு 10 கிலோ ஓம் தடையி ஒன்றைப் போட்டால் போதும். சுவிச் திறந்திருக்கும்போது அந்தத் தடையி காலை மெதுவாகப் பூச்சியத்தில் பிடித்து வைக்கும். சுவிச் மூடினால் 5 வோல்ற் அதை வென்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, சந்தேகமான காலைப் பல்மானியால் அளப்பது. சுவிச் திறந்த நிலையில் பூச்சியத்துக்குக் கிட்ட நிலையாக நிற்காமல் எண் அலைந்தால் அந்தக் கால் தொங்குகிறது.

"பல்ப்போட நிப்பாட்டினால் இது தெரியாது. சிப்போட தொடங்கினால் இது ஏன் எண்டு விளங்காது," என்றார் ஆசிரியை. அவர் வைத்திருக்கும் ஒழுங்கு அதனால்தான் வந்தது. முதலில் சுவிச், பிறகு வசனம், பிறகு அட்டவணை, கடைசியில் சிப். நேரம் கூடத்தான் எடுக்கும். பழைய முறையில் ஒரு நாளில் முடிந்த பாடம் இப்போது மூன்று நாள். பாடத்திட்டத்தில் பின்னால் வரும் சிலவற்றை அவர் வேகமாக ஓட்டித்தான் அந்த நேரத்தைப் பிடிக்கிறார். அது சரியா என்று மற்ற விரிவுரையாளர்களோடு அவருக்கு இன்னும் வாக்குவாதம் இருக்கிறது.

படிக்கட்டு லைற்

வீட்டுக்குப் போகும் முன் ஒரு வேலை கொடுத்தார். மாடிப்படி உள்ள ஏதாவது ஒரு கட்டடத்துக்குப் போய், மேலே ஒரு சுவிச்சும் கீழே ஒரு சுவிச்சுமாக ஒரே லைற்றை இயக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, நான்கு வரியையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் ஒரு விளைவு, வேறு வேறு பக்கம் இருந்தால் மறு விளைவு. அதுதான் "எக்ஸ்-ஓர்" படலை, அல்லது வயர் மாறிப் பூட்டியிருந்தால் அதன் தலைகீழ். தொடராலும் சமாந்தரத்தாலும் மட்டும், இரண்டு சாதாரண சுவிச்சால், அதைக் கட்ட முடியாது. ஏன் என்பதையும் எழுத வேண்டும். எந்தக் கொப்பியைப் பார்த்தும் எழுத முடியாத கேள்வி.

டைனமோ மின்குமிழை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று வெளியே வந்து கேட்டேன். சைக்கிள் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் முதன்முதலாகக் கட்டிய சுற்று டைனமோவில்தான் என்றார். மின்சாரம் இல்லாத காலம். பற்றரி தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். "அண்ணா சுத்துவார். நான் வயரைப் பிடிச்சுக்கொண்டிருப்பன். வயர் விட்டால் செய்தி நிண்டிடும். வயர் அறுந்தால் என்ன நடக்கும் எண்டு எனக்கு அப்பவே தெரியும். பிறகு படிச்சு மறந்திட்டன்."

அந்த மாணவன் இப்போது வவுனியாவில் ஒரு வேலைத்தலத்தில் மின்னிணைப்பு வேலை செய்கிறான். கொயில் சுற்றித் திருத்திய மோட்டர் வீட்டில் ஓடுகிறது. நான் போன அன்று தகப்பன் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். சிப் எதுவும் இல்லை. இரண்டு மிதவையிலிருந்தும் வரும் வயர்கள் தொடராகப் போய் ஒரு ரிலேயில் முடிகின்றன. பெட்டியின் மூடியில் ஒரு சின்ன மின்குமிழ்.

"இது எரிஞ்சால் மோட்டர் ஓடலாம், அணைஞ்சால் தாங்கியைப் பாக்கிறது, தாங்கி நிறையேல்லையெண்டால் கிணத்தைப் பாக்கிறது, கிணத்தில தண்ணி இருந்தால் வயரைப் பாக்கிறது," என்றார் அவர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வயரைக் கழற்றி மோட்டர் நிற்கிறதா என்று பார்க்கும்படி மகன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அன்று எனக்கும் கழற்றிக் காட்டினார். நின்றது.